பள்ளி வாசிப்பு இயக்கத்துக்கு புக்மார்க்: துளையிலிருந்து தொடங்குவோம்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த வாரத்தில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புக்மார்க் கொடுக்கலாம் என்று பல பள்ளிகளில் முடிவெடுப்பார்கள். உடனே தொடங்கும் பேச்சு, என்ன படம் போடலாம் என்பது. படம் முடிவாகி, வாசகம் முடிவாகி, அச்சும் ஆகி வந்தபிறகு கடைசி வேலையாகக் குஞ்சத்துக்குத் துளை போடுவார்கள். அந்தத் துளை படத்திலிருக்கும் குழந்தையின் நெற்றியிலோ, வாசகத்தின் முதல் எழுத்திலோ போய் விழும்.

வரிசையைத் தலைகீழாக்கினால் வேலை எளிது. முதலில் துளை, அதற்கேற்ற அளவு, அந்த அகலத்தில் நிற்கும் வாசகம், அப்புறம்தான் படம். ஒரு மாதிரிக் கணக்கை வைத்துக்கொண்டு பார்ப்போம். 240 பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. கிழிந்தவை, தொலைந்தவைக்குச் சேர்த்து 260 புக்மார்க் வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு டிஜிட்டல் அச்சுக்கடை இருக்கிறது; பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையும் இருக்கிறது.

துளை எங்கே, எவ்வளவு

குஞ்சக் கயிற்றுக்கு 4 மில்லிமீட்டர் துளை போதும். துளையின் மையம் மேல் விளிம்பிலிருந்து 9 மில்லிமீட்டர் கீழே இருந்தால், துளைக்கு மேலே 7 மில்லிமீட்டர் அட்டை மிஞ்சும். பிள்ளைகள் குஞ்சத்தைப் பிடித்துத்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். இழுவை முழுவதையும் தாங்குவது அந்த 7 மில்லிமீட்டர்தான். அதை 3, 4 என்று குறைத்தால் அழகாகத் தெரியும், ஆனால் சில வாரங்களில் பிய்ந்துவிடும்.

தனித் துளைக்கருவி இல்லாவிட்டால் அலுவலகத்தில் கோப்புக்குத் துளை போடும் பஞ்சிங் மிஷினே போதும். அது போடும் துளை 6 மில்லிமீட்டர். மையம் விளிம்பிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உள்ளே வரும். துளை பெரிதானாலும் மேலே 9 மில்லிமீட்டர் மிஞ்சுவதால் வலுவில் குறையில்லை. இரண்டு துளைகளுக்கும் இடையே 80 மில்லிமீட்டர் இருப்பதால், ஒடுங்கிய அட்டையை ஒரு பக்கத் துளைக்கு நேராக மட்டும் நுழைக்கலாம்.

சிக்கல் நடுவில் போடுவதுதான். 45 மில்லிமீட்டர் அகல அட்டையில் துளை இரண்டு மில்லிமீட்டர் விலகினாலே கண்ணில் படும். கருவியின் அடிமூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாகப் பிடித்தால் துளைவாய் வழியாக அட்டை தெரியும். அட்டையில் துளை வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் அச்சிட்டிருந்தால், அந்தப் புள்ளி துளைவாயின் நடுவில் வரும்போது அழுத்தலாம். துளை விழுந்ததும் புள்ளியும் போய்விடும். துளையைச் சுற்றி வட்டமோ பூவோ அச்சிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். வட்டம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் விலகலும் பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் இரண்டு மில்லிமீட்டர் விலகலைக்கூட பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள்.

மெட்டல் ஐலெட் அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். துளை வலுவாகும் என்பது உண்மை. ஆனால் மூடிய புத்தகத்துக்குள் அந்த வளையம் பக்கங்களில் வட்டத் தழும்பு போடும். மழைக்காலத்தில் மலிவான ஐலெட் துருப்பிடித்துக் கறையும் ஏற்றும். நூலகப் புத்தகத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை. வலு வேண்டுமென்றால் துளையின் பின்பக்கம் கோப்புகளுக்கு ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினால் சரி.

எந்த அளவு

ஆங்கில மாதிரிகளைப் பார்த்துப் பெரும்பாலும் 2 அங்குலம், 6 அங்குலம் என்று தொடங்குவார்கள். மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50க்கு 150. இதை 45க்கு 140 அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பார்வைக்கு அதிக வித்தியாசம் இல்லை. தாளில் அடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

டிஜிட்டல் அச்சுக்கடையில் வழக்கமான தாள் 12க்கு 18 அங்குலம், அதாவது 305க்கு 457 மில்லிமீட்டர். ஓரங்களில் மிஷின் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 297க்கு 447 கிடைக்கும். படம் விளிம்புவரை போகிறது என்றால், வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஒவ்வொரு புக்மார்க்கைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக அச்சிட வேண்டும். கடையில் இதை ப்ளீட் என்பார்கள். 50க்கு 150 அட்டை அப்போது 56க்கு 156 ஆகிவிடும். நேராக அடுக்கினால் ஒரு தாளில் 10, மிச்ச இடத்தில் இரண்டைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் 12. 45க்கு 140 அட்டை ப்ளீட்டோடு 51க்கு 146. அது ஐந்து வரிசை, மூன்று அடுக்கு என்று 15 வரும். ஒருவேளை பின்னணியை வெள்ளையாகவே விட்டு ப்ளீட் இல்லாமல் அடுத்தடுத்து ஒட்டி வைத்தால் அதே தாளில் 18 வரும்.

நம் 260க்கு 50க்கு 150 என்றால் 22 தாள். 45க்கு 140 ப்ளீட்டோடு 18 தாள். வெள்ளைப் பின்னணியில் 15 தாள். கடைக்காரர் தாள் கணக்கில்தான் பணம் வாங்குவார். அகலத்தில் 5, நீளத்தில் 10 மில்லிமீட்டர் குறைத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவு வரை மிச்சமாகிறது. அந்தப் பணத்தை நூலுக்கு மாற்றலாம்.

வெள்ளைப் பின்னணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கடைக் கத்தி அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலும் தெரியாது. விளிம்பையொட்டி மெல்லிய கோட்டுச் சட்டம் போட்டிருந்தால் மட்டும் அது ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்து நிற்கும். அதனால் சட்டம் வேண்டாம்.

ஜெராக்ஸ் கடை வழியாகப் போனால் ஏ4 தாளில் அகலத்தை 40 ஆக்கிக்கொள்ள வேண்டும். அப்போது ஐந்து வரிசை, இரண்டு அடுக்கு என்று ஒரு தாளில் 10 வரும். 26 தாளில் வேலை முடியும். ஆனால் அகலம் 40 ஆனதும் வாசகத்தின் எழுத்தளவு குறையும்.

வாசகம்: தமிழ்ச் சொல்லின் நீளமே நிபந்தனை

ஆங்கிலத்தில் புக்மார்க் வடிவமைப்பவர்களுக்கு இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது. நம் சொற்கள் நீளமானவை. அதோடு போ, வோ, கொ போன்ற எழுத்துகள் மூன்று துண்டுகளாகப் பரந்து இடம் பிடிப்பவை. 45 மில்லிமீட்டர் அட்டையில் இரு பக்கமும் 4 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 37 மில்லிமீட்டர். அந்த 37க்குள் உங்கள் வாசகத்தின் மிக நீளமான சொல் எவ்வளவு பெரிதாக நிற்கும் என்பதே முடிவு.

மூன்று வாசகங்களை எடுத்துக்கொள்வோம். 'அறிவை வளர்த்துக்கொள்வோம்' என்றால் இரண்டாவது சொல் 37 மில்லிமீட்டருக்குள் அடங்க எழுத்தளவு ஏறத்தாழ 10 பாயிண்டுக்கு இறங்க வேண்டும். அது பாடநூலின் எழுத்தைவிடச் சிறியது. சின்ன வகுப்புப் பிள்ளை படிக்காது. பள்ளிச் சுவர்களில் அடிக்கடி பார்க்கும் 'வாசிப்போம்' வகை வாசகங்கள் 18 பாயிண்ட் வரை தாங்கும். 'இன்னும் ஒரு பக்கம்' என்று மூன்று சிறு சொற்களாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் 26 பாயிண்ட் வரை போகலாம். எழுத்துருவைப் பொறுத்து ஓரிரு பாயிண்ட் கூடும், குறையும். ஆனால் மூன்றுக்கும் உள்ள இடைவெளி மாறாது.

எனக்கு மூன்றாவதைப் பிடிப்பதற்கு அளவு மட்டும் காரணமல்ல. வாசிப்பின் பெருமையைச் சொல்லும் வாசகம் சுவரில் நிற்கலாம். புக்மார்க்கைப் பிள்ளை பார்ப்பது இரண்டே தருணங்களில்: புத்தகத்தை மூடப்போகும்போது, மறுபடி திறக்கும்போது. மூடப்போகும் கையைப் பார்த்து 'இன்னும் ஒரு பக்கம்' என்பது அந்த நொடிக்கே உரிய பேச்சு. திறக்கும்போது படித்தாலும் அது பொருந்தும். 'தினமும் பத்துப் பக்கம்' என்பதும் அகலத்தில் அடங்கும், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது எட்டாத கணக்கு. ஒரு பக்கம் எல்லோராலும் முடியும்.

எந்த வாசகமானாலும் சொல்லை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ள வேண்டாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நுழை நிலையில் இருக்கும் பிள்ளைக்கு 'வளர்த்துக்' என்று ஒரு வரியும் 'கொள்வோம்' என்று ஒரு வரியும் இரண்டு தனிச் சொற்கள்தான்.

இனி எழுத்து எந்தத் திசையில் ஓடுவது என்ற கேள்வி. மூன்று வழிகள் உண்டு. சொற்களைப் படுக்கை வரிகளாக அடுக்குவது ஒன்று. முழு வாசகத்தையும் 90 பாகை திருப்பி நீளவாட்டில் ஓடவிடுவது இன்னொன்று. எழுத்து எழுத்தாக மேலிருந்து கீழே அடுக்குவது மூன்றாவது.

மூன்றாவது ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு வாய்க்கும். தமிழில் 'ன்' தனி வரியாக, 'ம்' தனி வரியாக நிற்கும். பக்கம் என்ற சொல் நான்கு மாடிகளாகிவிடும். படிக்கப் பழகும் பிள்ளைக்கு அது புதிர். அதை விட்டுவிடலாம்.

நீளவாட்டில் ஓடவிட்டால் துளைப்பகுதி போக சுமார் 110 மில்லிமீட்டர் கிடைக்கும். 'இன்னும் ஒரு பக்கம்' அதில் 35 பாயிண்ட் வரை வளரும். ஆனால் படத்துக்கும் அதற்கும் அகலத்தைப் பங்குபோட வேண்டியிருக்கும். வாசகம் மட்டும், படமே இல்லை என்ற வடிவமைப்புக்கு இந்த வழி நன்றாக இருக்கும். அப்படிச் செய்தால் எழுத்தை வலப்பக்கமாகத் திருப்புங்கள்; வாசகம் துளையருகே தொடங்கி கீழே இறங்க வேண்டும். மேசையில் அட்டையைக் குறுக்காக வைக்கும்போது குஞ்சம் இடப்பக்கம் வரும், எழுத்தும் இடமிருந்து தொடங்கும். மாற்றித் திருப்பினால் வாசகம் குஞ்சத்தில் போய் முடியும். நூல் கடைசிச் சொல்லின் மேல் விழுந்து மறைக்கும்.

படமும் வேண்டும் என்றால் படுக்கை வரிகளே சரி. புத்தகத்துக்கு வெளியே தலைநீட்டுவது அட்டையின் மேல்பகுதி. அங்கே முதல் சொல் நேராகத் தெரிவது நல்லது. ஆனால் வரி இடைவெளியில் கவனம் தேவை. 'ஒரு' என்பதில் ரு கீழே வால் விடுகிறது. அடுத்த வரியில் 'பக்கம்' என்பதன் க் மேலே புள்ளி வைத்திருக்கிறது. வரிகளை நெருக்கினால் வாலும் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும், புள்ளி காணாமல் போனதுபோலத் தெரியும். எழுத்தளவைப் போல 1.4 மடங்கு வரி இடைவெளி விட்டால் இந்தச் சிக்கல் வராது. 26 பாயிண்டில் மூன்று வரிக்கு அப்போது சுமார் 39 மில்லிமீட்டர் உயரம் பிடிக்கும்.

அட்டையின் 140 மில்லிமீட்டரைப் பிரித்துக்கொடுத்தால் இப்படி வரும்: துளையையும் சேர்த்து மேலே உள்ள 20 மில்லிமீட்டர் வெறுமையாக, அடுத்த 45 வாசகத்துக்கு, 50 படத்துக்கு, 15 பள்ளியின் பெயருக்கு, மீதி 10 மூச்சுவிட. பஞ்சிங் மிஷின் துளை என்றால் மேல்பகுதியை 22 அல்லது 23 ஆக்கி, படத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயர், ஊர், ஒன்றியம், மாவட்டம், தலைமையாசிரியர் பெயர், நன்கொடையாளர் பெயர் என்று முன்பக்கத்தில் ஏற்றிக்கொண்டே போகும் வழக்கம் இருக்கிறது. பெயர் தவிர மற்றவை பின்பக்கம் போகட்டும். முன்பக்கம் பிள்ளைக்கு உரியது.

எந்த அட்டை

அச்சுக்கடையில் கேட்டால் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேல் மேட் லேமினேஷன் என்பார்கள். நிறம் துலங்கும், வியர்வைக் கை பட்டாலும் அழுக்கேறாது. ஆனால் வழுவழுப்பான அட்டை மெல்லிய புத்தகத்தில் நிற்காது. வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் பல சின்னஞ்சிறியவை, நடுவில் பின் அடித்தவை. அட்டையை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு அவற்றில் பக்கங்கள் இல்லை. பையில் போட்டுத் தூக்கினால் நழுவி விழும். லேமினேஷன் செய்த பரப்பில் பென்சிலும் ஏறாது. லேமினேஷனை ஒரு பக்கம் மட்டும் செய்தால் சில நாட்களில் அட்டை வளைந்துகொள்ளும். செய்வதானால் இரு பக்கமும் செய்ய வேண்டும்.

பூச்சில்லாத அட்டை, 250 ஜிஎஸ்எம் அளவில், என் தேர்வு. நிறம் கொஞ்சம் மங்கலாக விழும். ஆனால் பிள்ளை பின்பக்கத்தில் படித்த புத்தகங்களின் பெயரை எழுதலாம், முன்பக்கக் கோட்டோவியத்துக்குத் தன் கையால் வண்ணம் தீட்டலாம். வாசிப்பு இயக்கத்துக்கு அந்தப் பின்பக்கம் முக்கியம்: ஆறேழு கோடுகள் போட்டு வைத்தால் ஒவ்வொரு புக்மார்க்கும் ஒரு சின்ன வாசிப்புப் பதிவேடு.

ஜெராக்ஸ் கடை வழி என்றால் மஞ்சள், இளநீலம் என்று வண்ண அட்டையில் கருப்பு அச்சு. எல்லா மிஷினும் தடித்த அட்டையை இழுக்காது. 180, 200 ஜிஎஸ்எம்மைக் கையால் ஊட்டும் தட்டில் வைத்து ஒரு தாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். விரலால் தேய்த்தால் கருப்பு உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் சூடு போதவில்லை. அந்த அட்டை அந்த மிஷினுக்குத் தடிமன். உதிர்ந்த பொடி நூலகப் புத்தகத்தின் பக்கத்தில்தான் போய் ஒட்டும்.

பவுச் லேமினேஷன் என்ற அடையாள அட்டை முறையை 260 அட்டைக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கனம், வழுக்கல், செலவு மூன்றும் கூடும். நூலகத்திலேயே தங்கும் பெரிய புத்தகங்களுக்குச் சில மட்டும் அப்படிச் செய்யலாம். செய்யும்போது ஒரு நுணுக்கம்: முதலில் காகிதத்தில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, லேமினேட் செய்து, அதன் நடுவே பிளாஸ்டிக்கில் மட்டும் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். காகித விளிம்பு மூடியே இருப்பதால் ஈரம் உள்ளே போகாது.

அட்டையின் இழைத் திசையையும் கடையில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தாளை நீளவாட்டில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை மெதுவாக வளைத்தால், ஒரு பக்கம் எளிதாக வளையும். எளிதாக வளையும் மடிப்பு புக்மார்க்கின் நீளத்துக்கு இணையாக வருமாறு அடுக்கினால் அட்டை நிமிர்ந்து நிற்கும், பக்கங்களுக்கிடையே நுழைக்கச் சுலபம். இதில் ஒரு குறை உண்டு: இழை மேல்நோக்கி ஓடுவதால் துளையிலிருந்து விளிம்புக்குக் கிழிவது எளிதாகும். துளைக்கு மேலே 7 மில்லிமீட்டர் விடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

குஞ்சம்

இங்கேதான் செலவும் உழைப்பும் ஒளிந்திருக்கின்றன. கழுத்துக் கட்டிய முழுக் குஞ்சமா, வெறும் நூல் சுருக்கா?

முழுக் குஞ்சத்துக்கு 60 மில்லிமீட்டர் அட்டைத்துண்டில் நூலை 15 சுற்று சுற்றி, மேலே கட்டி, கழுத்தைச் சுற்றி இறுக்கி, கீழே வெட்டுவார்கள். கட்டும் நூலையும் சேர்த்து சுமார் 2.2 மீட்டர் போகும். எம்பிராய்டரி நூல் கண்டு பொதுவாக 8 மீட்டர். ஒரு கண்டில் மூன்று குஞ்சம். 260க்கு 87 கண்டு.

நூல் சுருக்கு என்றால் 25 சென்டிமீட்டர் நூல் மூன்று. மூன்றையும் சேர்த்துப் பாதியாக மடித்து, மடிப்பைத் துளைக்குள் நுழைத்து, வால்களை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் முடிந்தது. ஒரு கண்டில் பத்து வரும். 26 கண்டு போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தாலே தாங்களே போட்டுவிடுவார்கள். சுருக்கு துளையின் மேல்விளிம்பை அணைத்து நிற்பதால் முடிச்சு துளைவழியே நழுவும் பிரச்சினையும் இல்லை. 6 மில்லிமீட்டர் துளைக்கும் இதுவே பொருந்தும். வெடுக்கென்று இழுத்தால் மட்டும் நூல் அட்டையை அறுக்கும்.

பார்வைக்கு முழுக் குஞ்சம் அழகு, சந்தேகமில்லை. சேலைக்குக் குஞ்சம் கட்டுபவர் யாராவது பிள்ளைகளின் வீடுகளில் இருந்தால் அவர் வந்து எட்டாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுக்கலாம். பரிசாகக் கொடுக்கும் சில புக்மார்க்குகளுக்கு அது போதும். ஆனால் சேலைக் குஞ்சத்துக்குப் பயன்படும் பளபளப்பான பட்டு நூல் வழுக்கும், முடிச்சு தளரும். பருத்தி நூல்தான் இறுகி நிற்கும். மணி கோர்க்க வேண்டாம்: பக்கத்தில் பள்ளம் விழும், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள்.

நூல் வாங்கியதும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு புத்தகத்தை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் சாயம் விடும். விட்டால் அந்த நிறம் வேண்டாம். மழையில் நனைந்த பை ஒன்று போதும், நூலகப் புத்தகத்தின் நான்கைந்து பக்கம் கறையாகிவிடும்.

நுழை, நட, ஓடு, பற நிலைகளுக்கு நான்கு நூல் நிறம் கொடுக்கலாமே என்ற யோசனை இயல்பாக எழும். அதைச் செய்யாதீர்கள். ஏழாம் வகுப்பில் இன்னும் நுழை நிலையில் இருக்கும் பிள்ளை அந்த நிறத்தைப் புத்தகத்துக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

நம் பள்ளிக்கு எது

கையில் ஓரளவு பணம் இருந்தால்: 45க்கு 140, வெள்ளைப் பின்னணி, பூச்சில்லாத 250 ஜிஎஸ்எம், 15 தாள், இரு பக்க அச்சு, 26 கண்டு பருத்தி நூல். பணமே இல்லை என்றால் ஜெராக்ஸ் கடை, 40 மில்லிமீட்டர் அகலம், 26 ஏ4 வண்ண அட்டை; வாசகம் 22 பாயிண்டுக்கு இறங்கும், அது பரவாயில்லை. சிவகாசியில் ஆப்செட்டில் அடிப்பது ஒன்றியத்துப் பள்ளிகள் பல சேர்ந்து ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும்.

கடைக்குக் கோப்பை அனுப்பும் முன் வாசகத்தை வடிவக் கோடுகளாக மாற்றச் சொல்லுங்கள். CorelDRAW-இல் எழுத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+Q. இல்லாவிட்டால் உங்கள் எழுத்துரு கடைக் கணினியில் இல்லாமல் வேறு எழுத்துரு ஏறி, எழுத்துகள் உடைந்தோ இடம் மாறியோ வரும். மாற்றியபிறகு எழுத்தைத் திருத்த முடியாது. அதனால் முதலில் தமிழாசிரியர் ஒருமுறை படிக்கட்டும்.

எல்லாவற்றையும் அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் அச்சிட்டு, வெட்டி, துளை போட்டு, நூல் கட்டி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்து வாசகத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குஞ்சத்தைப் பிடித்துப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நவம்பர் 14க்கு வேண்டும் என்றால் இந்த மாதிரித் தாள் அக்டோபர் முதல் வாரத்திலேயே கையில் இருக்க வேண்டும். தீபாவளி நெருங்கிவிட்டால் அச்சுக்கடையில் சின்ன வேலைக்கு இடம் கிடைக்காது.